கணக்குச் சரி, விடை பிழை: ஒட்சியேற்ற எண்ணில் எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிப்பது

புல்மோட்டையிலிருந்து வகுப்புக்கு வரும் ஒரு தம்பி, ஜாம் போத்தலில் கொஞ்சம் கறுப்பு மணல் கொண்டுவந்தான். உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் மாலை வகுப்பு. மணலை வெள்ளைத் தாளில் கொட்டி, பழுதான கணினியின் வன்தட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். கறுப்பு மணிகள் தாடி முளைத்த மாதிரி காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. வெளிறிய மணிகளும் சிவப்பு மணிகளும் தாளிலேயே கிடந்தன. ஒட்டியது இல்மனைட்டு, FeTiO3. கிடந்ததில் பெரும்பகுதி உரூற்றைலும் சேர்க்கனும்.

அன்றைக்குக் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு இது:

2FeTiO3 + 7Cl2 + 6C → 2TiCl4 + 2FeCl3 + 6CO

இல்மனைட்டைக் காபனோடு சேர்த்து 900 – 1000 °C அளவில் குளோரீன் வாயுவில் தாக்கமுற விட்டால் நடப்பது இதுதான். வெள்ளைப் பெயின்றுக்கு வேண்டிய தைத்தேனியம் ஈரொட்சைட்டை எடுக்கும் ஒரு வழியின் முதற்படி. “எது ஒட்சியேற்றப்பட்டது, எது தாழ்த்தப்பட்டது?” என்று கேட்டேன். மூன்று விதமான விடை வந்தது, மூன்றும் பிழை. ஆனால் மூன்றும் வெவ்வேறு இடத்தில் பிழைத்திருந்தன. ஒன்றைக் கணக்கே காட்டிக்கொடுத்தது. ஒன்றைக் கணக்கு மூடி மறைத்தது. கணக்கு எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பது தெரிந்தால் பிழை தேடுவதில் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் கீழே உள்ளதை விதிப் பட்டியலாக எழுதாமல், உங்கள் தாளில் தெரியும் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன்.

முதலில், எண் இடும் ஒழுங்கு. எல்லோருக்கும் விதிகள் பாடம், ஆனால் எந்த விதி எதற்கு முந்தியது என்பது பலருக்குத் தெரிவதில்லை. புளோரீனுக்கு −1. அடுத்து சோடியம், பொற்றாசியம் இருக்கும் கூட்டத்துக்கு +1, மகனீசியம், கல்சியம் இருக்கும் கூட்டத்துக்கு +2. அதற்குப் பிறகே ஐதரசனுக்கு +1. அதற்கும் பிறகு ஒட்சிசனுக்கு −2. கடைசியாகக் குளோரீன், புரோமீன், அயடீனுக்கு −1. இரண்டு விதி மோதினால் முன்னால் நிற்பது வெல்லும், பின்னால் நிற்பது மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். NaH இல் சோடியம் முதலில் +1 ஐ எடுக்கிறது, ஆகவே ஐதரசனுக்குக் கிடைப்பது −1. H2O2 இல் ஐதரசன் முந்துகிறது, ஒட்சிசனுக்கு −1 மிஞ்சுகிறது. OF2 இல் புளோரீன் முந்த, ஒட்சிசன் +2 ஆகிறது. “விதிவிலக்கு” என்று தனியாகப் பாடமாக்கும் பாதி விடயம் இந்த வரிசைக்குள்ளேயே அடங்கிவிடும். தனித்து நிற்கும் மூலகத்துக்குப் பூச்சியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: கிடைத்த எண் உயரம் தாண்டுகிறது

ஓர் அணு, தன்னிடமுள்ள வலுவளவு இலத்திரன்களை விடக் கூடுதலாகக் கொடுக்க முடியாது. ஆகவே பழைய முறைக் கூட்ட எண்தான் கூரை. கந்தகத்துக்கு +6, குரோமியத்துக்கு +6, மங்கனீசுக்கு +7. உங்கள் விடை இதைத் தாண்டினால் மேலே கணக்குப் போகாமல் அங்கேயே நில்லுங்கள்.

பெரும்பாலான வேளை காரணம் சில்லறையானது. MnO4− இல் மங்கனீசு +8 என்று எழுதியிருப்பார்கள். நாலு ஒட்சிசனுக்கு −8, அதைச் சமப்படுத்த +8. அயனின் −1 ஏற்றம் கண்ணில் படவில்லை. கூட்டுத்தொகை பூச்சியத்துக்கு அல்ல, −1 க்கு வரவேண்டும், ஆகவே +7. Cr2O7^2− இல் குரோமியம் +12 என்று வந்தால் இரண்டு அணுவின் மொத்தத்தை ஓர் அணுவின் தலையில் கட்டிவிட்டீர்கள். பாதியாக்குங்கள்.

ஏற்றத்தையும் கீழ்க்குறியையும் சரிபார்த்த பிறகும் எண் கூரையைத் தாண்டினால்தான் விடயம் சுவையாகிறது. S2O8^2− ஐ எடுங்கள். எட்டு ஒட்சிசனுக்கு −16, அயன் −2, ஆகவே இரண்டு கந்தகத்துக்கும் மொத்தம் +14, ஒன்றுக்கு +7. கந்தகத்தால் அது முடியாது. பிழை உங்கள் கூட்டலில் இல்லை, எல்லா ஒட்சிசனுக்கும் −2 என்று எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. உள்ளே எங்கோ இரண்டு ஒட்சிசன்கள் தமக்குள் பிணைந்திருக்கின்றன, ஐதரசன் பேரொட்சைட்டில் உள்ளதைப் போல. ஒரே மூலக அணுக்கள் இரண்டு பிணைந்தால் அந்தப் பிணைப்பின் இலத்திரன் எவர் பக்கமும் போகாது, ஆகவே அந்த இரண்டுக்கும் −1 மட்டுமே.

எத்தனை அப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதையும் மிகையே சொல்லிவிடும். கந்தகம் இரண்டுக்கும் சேர்த்துக் கூரை +12, கிடைத்தது +14, மிகை 2. ஒவ்வொரு O–O பிணைப்பும் 2 ஐக் குறைக்கும், ஆகவே ஒரு பிணைப்பு. இனி இருகுரோமேற்று அமிலக் கரைசலில் ஐதரசன் பேரொட்சைட்டு விட, ஈதர்ப் படையில் தோன்றும் அந்த நீலச் சேர்வை CrO5. நேரே கணக்கிட்டால் குரோமியத்துக்கு +10. கூரை +6, மிகை 4, ஆகவே இரண்டு O–O பிணைப்பு. உண்மையான கட்டமைப்பும் அதுதான்: நாலு ஒட்சிசன் சோடி சோடியாக, ஐந்தாவது தனியாக இரட்டைப் பிணைப்பில்.

கூரைச் சோதனையைச் செம்பு, வெள்ளி, பொன் இருக்கும் கூட்டத்தில் மட்டும் நம்பவேண்டாம். செம்பு +2 ஐயும் பொன் +3 ஐயும் சாதாரணமாகவே எடுக்கும்.

அறிகுறி: இழந்த இலத்திரனும் பெற்ற இலத்திரனும் ஒத்துவரவில்லை

இதுதான் முதல் பிழையான விடை. கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி எழுதியது: காபன் ஒட்சியேற்றப்பட்டது, 0 இலிருந்து +2. குளோரீன் தாழ்த்தப்பட்டது, 0 இலிருந்து −1. இரண்டு வரியும் உண்மை. ஆனாலும் விடை முழுமையில்லை.

“இலத்திரனை எண்ணிப் பாத்தீங்களா மகள்?”

“இல்லை சேர். ரெண்டும் கிடைச்சிட்டுதே, பிறகு ஏன் எண்ணுவான்?”

எண்ணினோம். காபன் ஆறு, ஒவ்வொன்றும் 2 இழக்கிறது, மொத்தம் 12. குளோரீன் அணு பதினான்கு, ஒவ்வொன்றும் 1 பெறுகிறது, மொத்தம் 14. இரண்டு இலத்திரன் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

இப்படி இடித்தால் முதலில் பார்க்கவேண்டியது பெருக்கல். ஏழு Cl2 என்பதில் ஏழு அணு என்று எண்ணுவது எவருக்கும் வரும் தடுமாற்றம். குணகத்தையும் கீழ்க்குறியையும் பெருக்கித்தான் அணுக்களின் எண்ணிக்கையை எடுக்கவேண்டும். அது சரியென்றால் அடுத்த சந்தேகம் சமன்பாட்டிலேயே: இரு பக்கமும் அணுக்களும் ஏற்றமும் சமமா? இங்கே இரும்பு 2, தைத்தேனியம் 2, ஒட்சிசன் 6, குளோரீன் 14, காபன் 6. எல்லாம் சமம். இரண்டும் சரியாக இருந்து, கணக்கு மட்டும் இடித்தால், முடிவு ஒன்றுதான்: நீங்கள் எண் இடாமல் விட்ட அணு ஒன்று மாறியிருக்கிறது.

குறைகிற தொகையே எங்கே தேடுவது என்றும் சொல்கிறது. இழப்புப் பக்கத்தில் 2 குறைவு. சமன்பாட்டில் இரண்டிரண்டாக நிற்பவை இரும்பும் தைத்தேனியமும். யாரோ ஒருவர் அணுவுக்கு ஒரு இலத்திரன் இழந்திருக்கிறார். FeCl3 இல் இரும்பு +3, இல்மனைட்டில் +2 என்று எடுத்தால் இரும்பு 2 × 1 = 2 இழக்கிறது. 12 + 2 = 14. கணக்கு மூடியது.

இரண்டு பேர் கிடைத்ததும் தேடலை நிறுத்துவதுதான் அந்தப் பிள்ளை விட்ட பிழை. ஒரு தாக்கத்தில் ஒட்சியேற்றப்படும் அணு ஒன்றாகவும் தாழ்த்தப்படும் அணு ஒன்றாகவும்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதனால் என் வகுப்பில் கடைசி அணு வரை எண் எழுதாமல் விடை எழுதவிடுவதில்லை. ஒட்சிசனின் −2 கூட, இரு பக்கமும் ஒன்றே என்றாலும், எழுதத்தான் வேண்டும். நேரம் போகிறது என்று முணுமுணுப்பார்கள். போகட்டும்.

அறிகுறி: கணக்குச் சரி, ஆனால் இருவர் விடை இரு விதம்

மேலே “இரும்பு +2 என்று எடுத்தால்” என்று எழுதினேன். அந்த “எடுத்தால்” சும்மா போட்டதல்ல.

FeTiO3 இல் ஒட்சிசனுக்கு −6. ஆகவே இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்து +6. நாம் எழுதிய வரிசையில் இரண்டின் பெயரும் இல்லை. விதி இவ்வளவோடு நின்றுவிடுகிறது: தெரியாதது இரண்டு, சமன்பாடு ஒன்று. மணல் கொண்டுவந்த தம்பி +3, +3 என்று நடுவால் பிரித்திருந்தான். பக்கத்தில் இருந்தவன் +2, +4 என்று பிரித்திருந்தான்.

தம்பியின் பிரிப்பை வைத்து இலத்திரனை எண்ணிப் பாருங்கள். இரும்பு +3 இலிருந்து +3, மாற்றமில்லை. தைத்தேனியம் +3 இலிருந்து TiCl4 இல் +4, இரண்டு அணு, 2 இலத்திரன் இழப்பு. காபன் 12. மொத்தம் 14. குளோரீன் பெற்றது 14. அச்சொட்டாகப் பொருந்துகிறது!

“சேர், எனக்கும் சரியா வந்திட்டுது. அப்ப எதுதான் சரி?”

கேட்கவேண்டிய கேள்விதான். இலத்திரன் கணக்கு இங்கே உதவாது, ஏன் உதவாது என்பதும் தெளிவு. அந்தக் கணக்குக்குத் தெரிவது +6 என்ற மொத்தம் மட்டும். மொத்தத்தை இருவருக்குள் எப்படிப் பங்கிட்டாலும், மொத்தம் மாறாத வரை, இழப்பும் பெறுகையும் சமமாகவே வரும். குடும்ப அட்டைக்கு எத்தனை கிலோ அரிசி போனது என்பது கடைக்காரனின் கொப்பியில் இருக்கும். வீட்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பதை அந்தக் கொப்பியில் தேட முடியாது.

ஆகவே வேதியியலிடம்தான் போகவேண்டும். கேட்கவேண்டியது இது: Fe3+ உம் Ti3+ உம் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்குமா? Ti3+ இலத்திரனைக் கொடுக்கத் துடிக்கும் அயன். Fe3+ வாங்கக் காத்திருக்கும் அயன். நியம அழுத்தங்களைப் பார்த்தால் Fe3+/Fe2+ க்கு +0.77 V, அமிலக் கரைசலில் Ti(IV)/Ti3+ க்கு ஏறத்தாழ +0.1 V. பெரிய இடைவெளி. இரண்டும் சந்தித்தால் இலத்திரன் கைமாறி Fe2+ உம் Ti(IV) உம் ஆகிவிடும். +3, +3 என்ற சோடி +2, +4 ஆக மாறத்தான் விரும்புகிறது, மறுபக்கமாக அல்ல.

இதைத் தொழிற்சாலையில் கண்ணாலேயே காணலாம். இல்மனைட்டைப் பதப்படுத்தும் இன்னொரு வழி, அதைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் சூடாக்கிக் கரைப்பது:

FeTiO3 + 2H2SO4 → FeSO4 + TiOSO4 + 2H2O

இந்தத் தாக்கத்தில் எந்த எண்ணும் மாறவில்லை. இல்மனைட்டில் இருந்த Fe(II) உம் Ti(IV) உம் அப்படியே கரைசலுக்கு வருகின்றன. ஆனால் கடற்கரை மணல் பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் நீரிலும் கிடந்தது, அதில் இரும்பின் ஒரு பகுதி +3 ஆகிவிட்டிருக்கும். அந்த Fe3+ ஐ அகற்ற, கரைசலில் பழைய இரும்புத் துண்டுகளைப் போடுவார்கள். இரும்பு Fe3+ எல்லாவற்றையும் Fe2+ ஆக்கும். அது முடிந்த பிறகுதான் சிறிதளவு தைத்தேனியம் தாழ்த்தப்பட்டு ஊதா நிறமான Ti3+ தோன்றும். கரைசலில் கொஞ்சம் Ti3+ இருந்தால் Fe3+ துளியும் மிச்சமில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது நிற்காது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

ஆகவே இல்மனைட்டுக்கு Fe +2, Ti +4. குளோரீனோடு தாக்கமுறும்போது ஒட்சியேற்றப்படுவது இரும்பு, தைத்தேனியம் இருந்தபடியே இருக்கிறது. போத்தலில் இருந்த மணலில் வானிலையால் அழிந்த மணிகளும் இருந்திருக்கும், அவற்றுக்கு FeTiO3 என்ற சூத்திரமே சரியாகப் பொருந்தாது. பரீட்சைத் தாளில் சூத்திரம் தந்திருப்பது கலப்பில்லாத கனியத்துக்கு.

ஒரே சூத்திரத்தில் வரிசைக்கு வெளியே உள்ள இரண்டு உலோகங்கள் வந்தால், கணக்கிடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: இரண்டுக்கும் வழமையாக எந்த எண்கள் வரும் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரும்புக்கு +2, +3. தைத்தேனியத்துக்கு +4, சிலவேளை +3. மொத்தத்துக்குப் பொருந்தும் சோடிகளை எடுத்து, ஒன்றையொன்று ஒட்சியேற்றிவிடக்கூடிய சோடியை வெட்டிவிடுங்கள்.

அறிகுறி: ஒன்றுமே மாறவில்லை, ஆனால் மூக்கு எரிகிறது

வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்கு வெளிற்றும் தூள் போடுவது இங்கே எல்லோரும் கண்ட காட்சி. மிச்சத் தூளைச் சிலர் குளியலறை கழுவ எடுத்து வைப்பார்கள். எங்கள் ஒழுங்கையிலும் ஓர் அக்கா அப்படித்தான் வைத்திருந்தார். ஒரு நாள் தரையில் தூளைத் தூவிவிட்டு, அதன் மேலேயே கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தையும் ஊற்றியிருக்கிறார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமி இருமி வெளியே ஓடிவந்தார். மஞ்சட்பச்சை வாயு, குளோரீன். முற்றத்தில் காற்றில் இருந்த பிறகு அவருக்குச் சுகமாகிவிட்டது. ஒருபோதும் இரண்டையும் சேர்க்கக்கூடாது.

அடுத்த வகுப்பில் அந்தத் தாக்கத்தையே கொடுத்தேன்:

CaOCl2 + 2HCl → CaCl2 + Cl2 + H2O

எண் இட்டார்கள். CaOCl2 இல் கல்சியம் +2, ஒட்சிசன் −2, ஆகவே குளோரீனுக்கு 0. HCl இல் குளோரீன் −1. வலப்பக்கம் CaCl2 இல் −1, Cl2 இல் 0. முன்பும் 0, −1. பின்பும் 0, −1. “சேர், இது வெறும் இடமாற்றம். ஒட்சியேற்றமும் இல்லை, தாழ்த்தலும் இல்லை.” சொன்னவன் கெட்டிக்காரன். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

இல்மனைட்டில் நடந்ததேதான் இங்கேயும், ஆனால் மறைவாக. அங்கே மொத்தம் இரண்டு வேறு மூலகங்களுக்குள் ஒளிந்திருந்தது, ஆகவே சந்தேகம் வந்தது. இங்கே ஒரே மூலகத்தின் இரண்டு அணுக்களுக்குள் ஒளிந்திருக்கிறது, 0 என்று ஒரு நேரான எண்ணும் கிடைத்துவிடுகிறது. யாருக்கும் சந்தேகம் வராது.

சூத்திரத்தை Ca(OCl)Cl என்று எழுதுங்கள். இப்போது தெரிகிறது: ஒன்று Cl−, மற்றது OCl−. Cl− க்கு −1. OCl− இல் ஒட்சிசன் −2, அயன் −1, ஆகவே குளோரீன் +1. −1 உம் +1 உம் சேர்ந்தால் சராசரி 0. உள்ளே இருக்கும் எந்தக் குளோரீனுக்கும் அந்த 0 சொந்தமில்லை.

இப்போது மறுபடி எண்ணுவோம். இடப்பக்கம் நாலு குளோரீன்: தூளில் ஒரு +1, ஒரு −1, அமிலத்தில் இரண்டு −1. வலப்பக்கம் CaCl2 இல் இரண்டு −1, Cl2 இல் இரண்டு 0. மூன்று Cl− களில் ஒன்று ஓர் இலத்திரனை இழந்து 0 ஆகிறது. OCl− இல் இருந்த குளோரீன் ஓர் இலத்திரனைப் பெற்று 0 ஆகிறது. மற்ற இரண்டு Cl− பார்வையாளர்கள். ஆகவே ஒட்சியேற்றப்படும் இனம் Cl−, தாழ்த்தப்படும் இனம் OCl−. இரண்டும் ஒரே விளைவில் வந்து சந்திக்கின்றன. குளோரீன் வாயுவைக் குளிர்ந்த சோடியமைதரொட்சைட்டுக்குள் விடும்போது நடக்கும் இருவழிவிகாரத்தைத் தலைகீழாகப் பார்ப்பது போல.

ஒன்றும் மாறவில்லை என்று கணக்குச் சொல்லி, நிறமோ வாயுவோ தனி மூலகமோ வேறு கதை சொன்னால் மூக்கை நம்புங்கள். ஒரு பக்கத்தில் சேர்வையாக மட்டும் இருந்த மூலகம் மறுபக்கத்தில் Cl2, S, Cu என்று தனித்து நின்றால் பெரும்பாலும் இலத்திரன் கைமாறியிருக்கும். சூத்திரத்தை உடைத்து, எந்த எந்த அயன்களால் ஆனது என்று எழுதிய பிறகே எண் இடுங்கள்.

அறிகுறி: பின்னம் வருகிறது

Fe3O4 இல் இரும்புக்கு 8/3. S4O6^2− இல் கந்தகத்துக்கு 2.5. பதறவேண்டாம், பிழை செய்யவில்லை. பின்னம் வந்தால் உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட வகை அணு இருக்கிறதா என்று பாருங்கள். Fe3O4 இல் ஒரு Fe2+ உம் இரண்டு Fe3+ உம். உண்மையில் பின்னம் நல்லது, மேலே கண்ட 0 ஐப் போல ஏமாற்றாமல் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

சமன்படுத்த மட்டும் என்றால் சராசரியே போதும். தயோசல்பேற்று நியமிப்பில் 2S2O3^2− இல் நாலு கந்தகம், தலா +2, மொத்தம் +8. S4O6^2− இல் மொத்தம் +10. இரண்டு இலத்திரன் இழப்பு, அயடீன் பெறும் இரண்டுக்குச் சரி. எந்தக் கந்தகம் மாறியது என்று கேட்டால்தான் கட்டமைப்பு வரையவேண்டிவரும்.

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, எழுதிய வாக்கியம் தலைகீழ்

மூன்றாவது பிழையான விடை இது, மூத்த மாணவர் ஒருவருடையது. எல்லா அணுவுக்கும் சரியான எண் இட்டு, கடைசியில் எழுதியிருந்தார்: “FeTiO3 ஒட்சிசனை இழந்ததால் அது தாழ்த்தப்பட்டது.”

கீழ் வகுப்பில் படித்த வரைவிலக்கணம் கையை இழுத்திருக்கிறது. ஒட்சிசன் சேர்ந்தால் ஒட்சியேற்றம், போனால் தாழ்த்தல். இங்கே ஆறு ஒட்சிசனும் போய்க் காபனோடு சேர்ந்துவிட்டன, பார்த்தால் தாழ்த்தல் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் ஒட்சிசன் போன இடத்தில் குளோரீன் வந்து உட்கார்ந்திருக்கிறது. தைத்தேனியத்திடமிருந்து இலத்திரனை இழுத்துப் பிடித்திருந்த ஒருவர் போய் இன்னொருவர் வந்தார், தைத்தேனியத்துக்கு +4 +4 ஆகவே இருந்தது. இரும்புக்கோ +2 போய் +3 ஆனது. ஒட்சிசன் முழுவதையும் இழந்த FeTiO3 உண்மையில் ஒட்சியேற்றப்பட்டிருக்கிறது. தான் இட்ட எண்ணை அவர் ஒரு தடவை பார்த்திருந்தாலே போதும். ஒட்சிசனை எண்ணும் பழக்கம், ஒட்சிசன் போன இடத்தில் இலத்திரனை இழுக்கும் வேறொரு மூலகம் வந்து உட்காராதபோதுதான் சரிவரும். குளோரீன் போன்ற ஒன்று இடையில் வந்தால் கைவிட்டுவிடும்.

இன்னொன்று, புள்ளி குறையும் இடம். “இரும்பு ஒட்சியேற்றப்பட்டது” என்பது அணுவைப் பற்றிய பேச்சு. “ஒட்சியேற்றப்பட்ட இனம் எது” என்று கேட்டால் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் உள்ளபடி முழுச் சூத்திரத்தையும் எழுதவேண்டும். MnO4− வரும் தாக்கத்தில் “Mn7+ தாழ்த்தப்பட்டது” என்று எழுதாதீர்கள், கரைசலில் அப்படி ஓர் அயன் இல்லை. +7 என்பது இலத்திரனை எவர் பக்கம் எழுதுவது என்று நாம் போட்ட கணக்கு, உண்மையான ஏற்றமல்ல. ஒட்சியேற்றப்பட்டதுதான் தாழ்த்தும் கருவி, தாழ்த்தப்பட்டதுதான் ஒட்சியேற்றும் கருவி என்பதும் இங்கேதான் குழம்பும். கருவியின் பெயர் அது மற்றவருக்குச் செய்யும் வேலையைச் சொல்கிறது.

கரும்பலகையில் கடைசியில் நின்ற விடை இது. ஒட்சியேற்றப்பட்ட இனங்கள் FeTiO3 உம் C உம்: இரும்பு +2 இலிருந்து +3, காபன் 0 இலிருந்து +2, இழப்பு 2 + 12. தாழ்த்தப்பட்ட இனம் Cl2: 0 இலிருந்து −1, பெறுகை 14. மாறாதவை Ti +4, O −2. தம்பி அதைக் கொப்பியில் இறக்கிவிட்டு, காந்தத்தில் ஒட்டியிருந்த மணிகளை விரலால் வழித்து மறுபடி போத்தலில் போட்டான். பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டே இருந்தன.